கூட்டல் கழித்தல் 3 பிறந்த கதை

தேர்தல் காலத்தில் பத்திரிகைகளில் வரும் கருத்துக்கணிப்புகளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பிழை எல்லை கூட்டல் கழித்தல் 3 சதவீதம் என்று அது சொல்லும். ஹட்டன் பஸ்ஸிலும் தலவாக்கலைத் தேத்தண்ணிக் கடையிலும் மேலே உள்ள பெரிய எண்களைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். இவருக்கு இத்தனை, அவருக்கு இத்தனை, போன மாதத்தைவிட இவ்வளவு ஏற்றம், இவ்வளவு இறக்கம். அடியில் கிடக்கும் அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை. மேலே உள்ள எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைச் சொல்வது அந்த வரி மட்டும்தான்.

அந்த 3 எங்கிருந்து வந்தது? 5 ஆகவோ 1 ஆகவோ இல்லாமல் ஏன் அடிக்கடி 3 ஆகவே இருக்கிறது? இலங்கை முழுவதற்கும் என்று போடப்பட்ட 3, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களின் கருத்துக்கும் பொருந்துமா? முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடினால் மூன்றாவதற்கும் விடை கிடைத்துவிடும். அந்த விடை நமக்கு அவ்வளவு சந்தோஷமானது அல்ல. கதை சுவிட்சர்லாந்தில் தொடங்குகிறது. ஆனால் வழியில் ஓரிடத்தில் நம்முடைய தலவாக்கலைக்கும் வந்து போகிறது.

பாசல் நகரத்துக் கணிதர் யாக்கோப் பேர்னூலி 1705இல் இறந்துபோனார். அவர் முடிக்காமல் விட்ட நூல் 1713இல் அச்சாகியது. அதன் கடைசிப் பகுதியில் ஒரு கலயம் வருகிறது. அதில் 3000 வெள்ளைக் கூழாங்கற்கள், 2000 கறுப்புக் கூழாங்கற்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத ஒருவர் ஒரு கல்லை எடுக்கிறார், நிறத்தைக் குறித்துக்கொள்கிறார், திரும்பப் போட்டுக் கலக்குகிறார், மறுபடி எடுக்கிறார். வெள்ளையின் உண்மையான பங்கு 60 சதவீதம். எத்தனை தடவை எடுத்தால் அவருக்குக் கிடைக்கும் விடை 58க்கும் 62க்கும் இடையில் விழும் என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம்? பேர்னூலி கேட்ட நிச்சயம் மிகக் கடுமையானது. தப்பிப்போகும் வாய்ப்பு ஒன்று என்றால், சரியாக அமையும் வாய்ப்பு ஆயிரம் இருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த விடை 25,550 தடவை.

அன்றைய பாசல் நகரத்தில் அவ்வளவு சனமே இல்லை. ஒரு ஊரின் கருத்தை அறிய ஊரில் இருப்பதைவிட அதிகம் பேரைக் கேட்க வேண்டும் என்றால் அந்தக் கணக்கால் யாருக்கு என்ன பயன்? நூல் அந்த எண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுபோகிறது. ஆனாலும் பெரிய காரியம் ஒன்று நடந்துவிட்டது. சிலரைக் கேட்டு எல்லோரையும் பற்றிச் சொல்லும்போது எவ்வளவு தப்பலாம் என்பதையும் எண்ணால் சொல்லலாம் என்று அவர் காட்டிவிட்டார். அவருடைய வழி சரிதான், கணக்குத்தான் மிகவும் தாராளமாகப் போய்விட்டது.

அந்தத் தாராளத்தைக் குறைத்தவர் ஆபிரகாம் டி மோவ்ர். பிரான்சில் புரட்டஸ்தாந்து மதத்தவர்கள் ஒடுக்கப்பட்டபோது நாட்டைவிட்டு லண்டனுக்கு வந்தவர். அங்கே வீடு வீடாகப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் வயிறு வளர்த்தார். 1733 நவம்பரில் இலத்தீனில் ஏழு பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்றை அச்சிட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். கருத்துக்கணிப்புக்காரர்கள் இன்று பயன்படுத்தும் பிழை எல்லைக்கு வேர் அந்த ஏழு பக்கங்களில் இருக்கிறது.

அவர் கண்டதை ஒரு நாணயத்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். நூறு தடவை சுண்டினால் ஐம்பது தடவை தலை விழ வேண்டும். சரியாக ஐம்பது விழுவது அபூர்வம். ஆனால் பெரும்பாலும் 40க்கும் 60க்கும் இடையில் விழும். அதாவது பத்து வரைக்கும் தள்ளலாம். இனிப் பத்தாயிரம் தடவை சுண்டுவோம். நூறு மடங்கு கூடச் சுண்டியதால் விலகலும் நூறு மடங்காகி ஆயிரம் வரும் என்று தோன்றும். அப்படி வராது. ஒரு பக்கம் போன பிழையை இன்னொரு பக்கம் போகும் பிழை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். விலகல் நூறளவில்தான் நிற்கும். நூறு மடங்கு சுண்டினால் விலகல் பத்து மடங்குதான் கூடுகிறது. பத்து என்பது நூறின் வர்க்கமூலம். சதவீதமாகப் பார்த்தால், நூறில் பத்து என்று இருந்தது பத்தாயிரத்தில் நூறு ஆகிறது, அதாவது 10 சதவீதம் 1 சதவீதமாகச் சுருங்குகிறது.

இதுதான் மாதிரியின் அளவுக்கும் பிழைக்கும் உள்ள உறவு. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு பேரைக் கேட்க வேண்டும். டி மோவ்ரின் வழியில் போட்டால், பேர்னூலியின் 25,550 சுமார் 6,500 ஆகக் குறைகிறது. கலயம் அதே கலயம், கேட்ட நிச்சயமும் அதே நிச்சயம்.

இன்னும் ஒரு குறைப்பு மிச்சம் இருந்தது. ஆயிரத்துக்கு ஒன்று என்ற நிச்சயம் அன்றாட வேலைக்குத் தேவையா? 1925இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் வேலை செய்த ரொனால்ட் ஃபிஷர், ஆய்வாளர்களுக்காக எழுதிய கையேட்டில் இருபதுக்கு ஒன்று என்ற அளவை வசதியான எல்லையாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். இருபது தடவையில் பத்தொன்பது தடவை சரியாக இருந்தால் போதும். அந்த அளவுக்கு உரிய பெருக்கெண் 1.96, கிட்டத்தட்ட 2. அது இயற்கை விதித்த எண் அல்ல. வசதிக்காக ஒருவர் எடுத்துக்கொண்டது, மற்றவர்கள் ஏற்றுக்கொண்டது. கருத்துக்கணிப்பின் அடியில் 95 சதவீத நம்பிக்கை மட்டம் என்று சேர்த்துப் போடுவது இந்தக் கையேட்டின் வழி வந்த பழக்கம். பேர்னூலியின் கலயத்துக்கு இந்த அளவு நிச்சயம் போதுமென்றால் 2,300 தடவை எடுத்தாலே போதும்.

இதே 1925இல்தான் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் தொடங்கப்பட்டது. இன்றும் அது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. ரொதம்ஸ்டெட்டில் ஃபிஷரோடு சேர்ந்து வயல் பரிசோதனைகள் செய்து, 1927லும் 1929லும் அவரோடு சேர்ந்து கட்டுரைகள் எழுதிய தோமஸ் ஈடன் என்பவர் பிறகு அந்தத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு வந்தார். 1931இல் கேம்பிரிட்ஜ் வேளாண்மை அறிவியல் இதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தேயிலை வயல் பரிசோதனைகளில் உள்ள பிழைகள் என்பதுதான் அதன் பொருளே. விளைச்சல் எவ்வளவு என்பதைச் சொல்லுமுன், விளைச்சலை அளப்பதில் எவ்வளவு தப்பலாம் என்பதை அளக்க உட்கார்ந்தவர் அவர்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். ஒரே நம்பர் மலையில், ஒரே உரம் போட்டு, ஒரே நாளில் கவ்வாத்து வெட்டிய இரண்டு துண்டுகளில் கொழுந்து ஒரே அளவாக வருவதில்லை. ஒன்றில் மண் கழுவிப்போயிருக்கும், இன்னொன்றில் நிழல் மரம் நிற்கும், வேறொன்று காற்றுப் பக்கமாக இருக்கும். அந்த இயல்பான ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று தெரியாமல், புது உரம் போட்ட துண்டில் பத்து இறாத்தல் கூட வந்தது என்று சொல்வதில் பொருள் கிடையாது. அந்தப் பத்து இறாத்தல் உரத்தால் வந்ததா, அந்தத் துண்டின் அதிர்ஷ்டமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மலையில் இன்னொன்றும் உண்டு. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரே சரிவில் பத்துத் துண்டை எடுத்து அளந்தால் பத்து விடை கிடைத்தது போல் இருக்கும், உண்மையில் கிடைப்பது ஒரே விடையின் பத்துப் பிரதிகள். அதனால்தான் ஃபிஷரும் அவரோடு இருந்தவர்களும் துண்டுகளை எழுமாற்றாகத் தெரிய வேண்டும், பல இடங்களில் சிதறிப் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். பக்கத்துத் துண்டுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்ற விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லயத்தில் வேலை செய்யப்போவது அதுதான்.

வயலில் இது நடந்துகொண்டிருந்தபோது, மனிதர்களிடம் கேள்வி கேட்கிறவர்களும் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1912இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரத்துத் தொழிலாளர் வீடுகளின் வறுமையை அளக்கப் போன ஆர்தர் பௌலி, இருபது வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்து, விடையோடு அதில் எவ்வளவு தப்பலாம் என்பதையும் எழுதினார். ஆனால் அப்போதும் பலருக்கு எழுமாற்றுத் தெரிவில் நம்பிக்கை இல்லை. குருட்டுத்தனமாக எடுப்பதைவிட நன்றாக யோசித்து, எல்லோரையும் போன்ற சராசரி இடங்களைத் தெரிந்தெடுப்பதே புத்தி என்று நினைத்தார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்த சம்பவம் இத்தாலியில் நடந்தது. 1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுத் தாள்கள் முழுவதையும் வைத்திருக்க இடமில்லை. எனவே ஜீனி, கல்வானி என்ற இரண்டு புள்ளிவிவர அறிஞர்கள் நாட்டின் 214 மாவட்டங்களிலிருந்து 29ஐத் தெரிந்தெடுத்தார்கள். பிறப்பு, இறப்பு போன்ற ஏழு விஷயங்களில் இந்த 29இன் சராசரி நாட்டின் சராசரியோடு பொருந்தும்படி பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். எடுத்த பிறகு வேறு விஷயங்களைச் சோதித்தபோது பெரிய வித்தியாசங்கள் வந்தன. தெரிந்தெடுக்கப் பயன்படுத்திய அளவுகோலில் மட்டும் அந்த மாவட்டங்கள் நாட்டைப் போல இருந்தன, மற்றவற்றில் அப்படி இல்லை. 1934இல் லண்டனில் ஜேர்சி நேமன் என்ற போலந்துக்காரர் வாசித்த கட்டுரை இந்தச் சம்பவத்தை எடுத்து வைத்து, பிழை எல்லையைச் சொல்லும் உரிமை எழுமாற்றாக எடுத்த மாதிரிக்கு மட்டுமே உண்டு என்று நிறுவியது. நம்பிக்கை இடைவெளி என்று இன்று பாடப்புத்தகத்தில் இருப்பதும் அந்தக் கட்டுரையிலிருந்து வந்ததுதான்.

நேமன் கட்டுரைக்கு இரண்டு வருடம் கழித்து, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் யார் வெல்வார் என்று அறிய, லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை கோடி பேருக்குத் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது. வென்றது ரூஸ்வெல்ட், அதுவும் மாபெரும் வெற்றி. டைஜஸ்ட் அனுப்பிய முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன் வைத்திருப்போர், கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து எடுத்தவை. சூத்திரத்தின்படி அந்த மாதிரியின் பிழை எல்லை ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. உண்மையில் அது தப்பியது கிட்டத்தட்ட இருபது சதவீதம்.

இப்போது அந்த 3க்கு வருவோம். டி மோவ்ரின் வர்க்கமூலத்தையும் ஃபிஷரின் 1.96ஐயும் சேர்த்தால் கிடைக்கும் சூத்திரம் இது:

```
1.96 × √( p(1−p) / n )
```

p என்பது அந்தக் கருத்தைச் சொன்னவர்களின் பங்கு, n என்பது கேட்கப்பட்டவர்களின் தொகை. கருத்து பாதிக்குப் பாதியாகப் பிரிந்திருக்கும்போதுதான் பிழை மிக அதிகம் என்பதால், அந்த நிலையை வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். அப்படிப் போட்டால் சூத்திரம் சுருங்கி, 98ஐ n இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும் என்றாகிவிடும். 100 பேரைக் கேட்டால் பிழை எல்லை ஏறக்குறைய 10. 400 பேருக்கு 5. 1000 பேருக்கு 3. அதை 2 ஆக்க 2,400 பேர் வேண்டும், 1 ஆக்க 9,600 பேர் வேண்டும். கேள்வி கேட்கப் போகிறவருக்குச் சம்பளம், பஸ் காசு, சாப்பாடு எல்லாம் கொடுக்க வேண்டும். மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்க ஒன்பது மடங்குக்கு மேல் செலவாகும். அதனால்தான் உலகம் முழுக்கக் கணிப்பாளர்கள் ஆயிரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். 3 என்பது காசுக்கும் துல்லியத்துக்கும் நடந்த பேரத்தில் படிந்த விலை.

சூத்திரத்தில் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். நாட்டில் மொத்தம் எத்தனை பேர் என்பது அதில் எங்கேயும் வரவில்லை. கேட்கப்படுபவர்கள் மொத்தத்தில் சிறு பங்காக இருக்கும் வரை, இரண்டு கோடிப் பேரைப் பற்றி அறிந்தாலும் எட்டு இலட்சம் பேரைப் பற்றி அறிந்தாலும் ஒரே அளவு துல்லியத்துக்கு ஒரே அளவு மாதிரிதான் வேண்டும். நாம் சின்னச் சமூகம், எனவே நம்மில் கொஞ்சப் பேரைக் கேட்டால் போதும் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. அது தவறு. மலையகத்துக்குப் பாதகமான தவறு.

எப்படி என்று பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் 839,504 பேர். நாட்டின் மொத்தத்தில் 4.1 சதவீதம். நாடு முழுவதிலும் ஆயிரம் பேரை எழுமாற்றாக எடுத்தால் அதில் மலையகத் தமிழர் சுமார் 41 பேர் வருவார்கள். 41இன் வர்க்கமூலம் 6.4. 98ஐ 6.4ஆல் வகுத்தால் 15.3. நாட்டுக்கு கூட்டல் கழித்தல் 3, நமக்கு கூட்டல் கழித்தல் 15.

இதை ஒரு கற்பனைக் கணிப்பில் வைத்துப் பார்க்கலாம். ஆவணி மாதக் கணிப்பில் 41 மலையகத் தமிழரில் 18 பேர் ஒரு வேட்பாளரை ஆதரிக்கிறார்கள். 44 சதவீதம். புரட்டாசியில் மறுபடி கேட்கும்போது வேறு 41 பேரில் 13 பேர் ஆதரிக்கிறார்கள். 32 சதவீதம். மலையகத்தில் 12 சதவீதச் சரிவு என்று தலைப்புப் போடலாம், தொலைக்காட்சியில் ஒரு மணிநேரம் விவாதிக்கலாம், எந்தத் தொழிற்சங்கம் எந்தப் பக்கம் சாய்ந்ததால் இது நடந்தது என்று காரணமும் கண்டுபிடிக்கலாம். ஆனால் இரண்டு கணிப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் இரண்டின் பிழையும் சேர்கிறது. 15ஐ இரண்டின் வர்க்கமூலமான 1.41ஆல் பெருக்கினால் 21. சரிவு 21ஐத் தாண்டாதவரை, ஏதாவது மாறியது என்று சொல்லவே ஆதாரம் இல்லை. 18க்கும் 13க்கும் இடையில் இருப்பது ஐந்து பேர். ஐந்து பேரை வைத்து எட்டு இலட்சம் பேரின் மனம் மாறியதாக எழுதிவிட முடியாது.

நாட்டின் எண்ணை எடுத்து மலையகத்துக்குப் பூசுவதும் நடக்காது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அநுரகுமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் நாடளவில் 42.31 சதவீதம் பெற்று முதலிடத்தில் நின்றார். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் பாதிக்கு மேல் இருந்த நுவரெலியா மாவட்டத்தில் முதலிடம் சஜித் பிரேமதாசவுக்கு, இரண்டாமிடம் ரணில் விக்கிரமசிங்கவுக்கு, அநுர மூன்றாமிடம். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலோடும் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடும் நின்ற தேர்தல் அது. நாட்டைப் பற்றி மிகச் சரியாகச் சொன்ன ஒரு கணிப்பு இருந்திருந்தாலும், அதை வைத்து நுவரெலியாவைச் சொல்லப் போனவர் தலைகீழாகத்தான் சொல்லியிருப்பார்.

அப்படியானால் வழி என்ன? மலையகத் தமிழரைப் பற்றி 5 சதவீதப் பிழைக்குள் பேச 400 பேர் வேண்டும். நாட்டு மாதிரியிலேயே 400 பேர் வர வேண்டுமென்றால் மொத்தம் பத்தாயிரம் பேரைக் கேட்க வேண்டியிருக்கும். யாராலும் முடியாது. ஆனால் அதற்கு ஒரு நேரான வழி உண்டு. ஆயிரம் பேரை வழக்கம்போல் எடுத்துவிட்டு, தோட்டப் பகுதிகளில் மட்டும் கூடுதலாக 360 பேரை எடுப்பது. மலையகத்தைப் பற்றிச் சொல்லும்போது 400 பேரின் விடையையும் முழுதாகப் பயன்படுத்தலாம். நாட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் ஒவ்வொருவரின் விடைக்கும் மற்றவர்களுடையதில் பத்தில் ஒரு பங்கு எடைதான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டின் எண் மலையகப் பக்கமாகச் சாய்ந்துவிடும். செலவு மூன்றில் ஒன்றுதான் கூடும்.

ஆனால் அந்த 400 பேர் எங்கே இருக்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. தலவாக்கலையில் பார்த்த பக்கத்துத் துண்டுகள் இங்கே திரும்பி வருகின்றன. தோட்டத்துக்குள் போவது சிரமம். ரோட்டிலிருந்து மேல் டிவிசனுக்கு ஏற ஒரு மணிநேரம் ஆகலாம். நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும், பகலில் மலையில் இருப்பவர்கள் பின்னேரம் லயத்துக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். எனவே ஒரு தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் அங்கேயே நிறையப் பேரைக் கேட்டு முடிக்கத் தோன்றும். ஒரு லயத்தில் இருப்பவர்கள் ஒரே சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள், ஒரே தலைவரின் பேச்சைக் கேட்கிறார்கள், அதே தண்ணீர்ப் பிரச்சினை, அதே சம்பளப் பிரச்சினை. அவர்களுடைய விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

இந்த ஒத்துப்போகும் தன்மையை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் அளப்பார்கள். தோட்டத்துக்குள் அது 0.1 என்று வைத்துக்கொள்வோம், பெரிய அளவல்ல. 40 தோட்டங்களில் பத்துப் பத்துப் பேராக 400 பேரைக் கேட்டால், அதன் பெறுமதி தனித்தனியே எழுமாற்றாக எடுத்த 210 பேருக்குச் சமம். பிழை எல்லை 7க்குக் கொஞ்சம் உள்ளே. அதே 400 பேரை நான்கு தோட்டங்களில் நூறு நூறு பேராகக் கேட்டால் பெறுமதி வெறும் 37 பேருக்குச் சமம். பிழை எல்லை 16. நானூறு பேரைக் கேட்ட களைப்பு இருக்கும், கையில் இருப்பது நாற்பது பேரின் விடைக்கும் குறைவு. அந்த நான்கு தோட்டங்களும் சராசரித் தோட்டங்கள் என்று பார்த்துத் தெரிந்தெடுத்தவை என்றால், இத்தாலியின் 29 மாவட்டங்களின் கதைதான். அப்போது பிழை எல்லை என்று எதையும் சொல்லவே முடியாது.

இவ்வளவும் கேட்கப்பட்டவர்களின் தொகையால் வரும் பிழை. அதற்கு வெளியே இருக்கும் பிழையைச் சூத்திரம் காணாது. இதை மலையகத்தாரை விட அனுபவித்து அறிந்தவர்கள் இருக்க முடியாது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெளியேற்றின. பிரஜாவுரிமை கிடைக்காமல் மிஞ்சியவர்களுக்காக 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஐம்பதுகளில் ஒருவர் வாக்காளர் இடாப்பை வைத்து இலங்கையில் ஆயிரம் பேரை எழுமாற்றாகத் தெரிந்திருந்தால், மலைநாட்டின் தொழிலாளர்களில் அநேகமாக ஒருவரும் அதில் வந்திருக்கமாட்டார். அடியில் கூட்டல் கழித்தல் 3 என்று மனச்சாட்சியோடு போட்டிருக்கலாம். கணக்கில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பட்டியலில் இல்லாதவருக்குப் பிழை எல்லையிலும் இடமில்லை.

இன்று பெயர் இடாப்பில் இருக்கிறது. ஆனாலும் கேள்வி எந்த மொழியில் கேட்கப்படுகிறது, கேட்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் விடையை மாற்றும். தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் வழிகாட்டிக்கொண்டு கூடவே வந்து நின்றால், சம்பளத்தைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும் வாயைத் திறந்து உண்மை சொல்கிறவர் எத்தனை பேர்? வங்காளத்தில் சணல் விளைந்த நிலத்தை மாதிரி எடுத்து அளந்த மகலனோபிஸ் இதைப் பிடிக்க ஒரு வழி வைத்திருந்தார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி, இரு குழுவின் விடையையும் ஒப்பிடுவார். வித்தியாசம் சூத்திரம் அனுமதிப்பதைவிடப் பெரிதாக இருந்தால், குற்றம் கேட்ட விதத்தில் இருக்கிறது. தோட்டங்களிலும் இதைச் செய்ய முடியும். தோட்டத்தோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் ஒரு பெண் குழுவையும், வழமையான குழுவையும் எழுமாற்றாகப் பிரித்த லயங்களுக்கு அனுப்பிப் பார்த்தால் போதும்.

இலங்கையில் நம்மைத் தனியாக எண்ணிப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் கருத்தாய்வுப் பிரிவு இரண்டாயிரத்தின் தொடக்கத்திலிருந்தே சிங்களவர், தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் என்று நான்கு பத்திகளாக முடிவுகளை வெளியிட்டு வந்திருக்கிறது. மலையகத் தமிழருக்கு என்று ஒரு பத்தி கிடைத்தது நல்ல காரியம். 2021இலிருந்து சுகாதாரக் கொள்கை நிறுவனமும் மாதாமாதம் தொலைபேசி வழியாக நாட்டின் கருத்தை அளந்து, 2024 தேர்தலுக்கு முன் வாக்களிப்பு நோக்கங்களைப் பிழை எல்லையோடு வெளியிட்டது. இந்த முயற்சிகளை நான் மதிக்கிறேன். அதனால்தான் அவர்களிடமும், இனி வரப்போகிற கணிப்பாளர்களிடமும், அவற்றை அச்சிடும் பத்திரிகைகளிடமும் கேட்கிறேன். மலையகத் தமிழர் என்ற பத்தி போடும் இடத்திலெல்லாம் அதன் அடியில், அந்தப் பத்திக்கு உரிய மூன்று எண்களைப் போடுங்கள். எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை தோட்டங்களில் கேட்டீர்கள், அதன்படி பிழை எல்லை எவ்வளவு. நாட்டுக்கான 3ஐ எங்கள் தலையில் வைக்க வேண்டாம்.

வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த எண்கள் அச்சிடப்படாத இடத்தில் நீங்களே கேளுங்கள். கேட்கப்பட்ட மலையகத்தார் நூறு பேருக்குக் குறைவு என்று தெரிந்தால், அந்தச் சதவீதத்தை வைத்து யாரோடும் வாதாட வேண்டாம்.